சிறகாடை குதிரில் எப்படி இருந்தது?

கேள்வி: காவேரிப்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு சிற்றூரில், ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு நடப்பதாக ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். ஏரியில் குளிக்க வந்த அன்னப் பெண்ணின் சிறகாடையை ஒளித்து வைத்து அவளை மணந்துகொண்டவரின் மகள், பன்னிரண்டு வயதுச் சிறுமி, தாய் ரகசியமாக அழுவதைக் கண்டு அந்தச் சிறகுகளைத் தேடுகிறாள். பரண், கிணறு, வைக்கோல் போர், கோயில் என்று தேடி, கடைசியில் நெற்குதிருக்குள் கண்டெடுத்துக் கொடுக்கிறாள்; தாய் பறந்துவிடுகிறாள். படித்த நண்பர்கள் நடுப்பகுதி சலிப்பூட்டுகிறது என்றும், முடிவு முன்பே தெரிந்துவிடுகிறது என்றும் சொல்கிறார்கள். எங்கே திருத்த வேண்டும்? கதையை இத்துடன் இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகர், வாலாஜாபேட்டை

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கதையை முழுவதும் படித்தேன். நண்பர்கள் சொன்ன இரண்டு குறைகளுக்கும் காரணம் ஒன்றுதான் என்பது என் எண்ணம். நெற்குதிரை நீங்கள் ஓர் ஒளிவிடமாக மட்டும் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அது அந்த வீட்டில் எப்படி நிரப்பப்படுகிறது, எப்படிக் குறைகிறது, யார் கை அதில் படுகிறது என்பதைக் கதை கேட்கவே இல்லை. அதனால் பரணும் கிணறும் வைக்கோல் போரும் குதிரும் ஒரே தரத்தில் நிற்கின்றன. சிறுமி பரணில் தேடி ஏமாந்ததால் அவளுக்குப் புதிதாக எதுவும் தெரியவரவில்லை. கிணற்றில் ஏமாந்த பிறகும் அப்படியே. நான்காவது இடத்தில் தேடும்போதும் முதல் இடத்தில் தேடியபோது எவ்வளவு அறிந்திருந்தாளோ அவ்வளவே அறிந்திருக்கிறாள். இந்தப் பக்கங்களில் எந்த இரண்டை இடம் மாற்றி வைத்தாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது என்பதே குறையின் அடையாளம்.

இந்தக் கதைவகையின் பழைய வடிவங்கள் இதை எப்படிக் கையாண்டன என்று பாருங்கள். ஜாவாத் தீவில் ஜாகா தாரூப் என்பவன் நீராட வந்த வானுலகப் பெண் நவாங் வூலானின் மேலாடையை எடுத்துக் களஞ்சியத்தில் நெல்லுக்கு அடியில் ஒளித்து வைக்கிறான். அவள் ஒரே ஒரு நெற்கதிரைப் பானையில் இட்டு அன்றைக்குத் தேவையான சோறு முழுவதையும் ஆக்கும் ஆற்றல் உடையவள். பானை மூடியைத் திறக்கக் கூடாது என்பது கணவனுக்கு அவள் விதித்த நிபந்தனை. அவன் ஆவல் தாங்காமல் திறந்துவிடுகிறான். ஆற்றல் போய்விடுகிறது. அன்றிலிருந்து மற்றப் பெண்களைப் போல அவளும் நெல்லைக் குத்தித்தான் சமைக்க வேண்டியிருக்கிறது. நெல் நாளுக்கு நாள் குறைகிறது, ஒரு நாள் களஞ்சியத்தின் அடித்தளம் தெரிகிறது, ஆடை வெளிப்படுகிறது. இந்தக் கதையில் யாரும் எதையும் தேடுவதில்லை. ஒளித்து வைத்தவனுடைய பிழையே நெல்லைக் குறைத்து ஆடையைக் காட்டிக்கொடுக்கிறது. ஒளிவிடத்துக்கும் வெளிப்பாட்டுக்கும் நடுவில் அன்றாடச் சமையல் இருப்பதால்தான் இந்தக் கதை நூற்றுக்கணக்கான வாய்களில் தேயாமல் நின்றது.

ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகளின் கதை உங்களுடையதற்கு இன்னும் நெருக்கமானது. அங்கே சிறகாடைக்குப் பதில் கடல்நாய்த் தோல். மற்றவர்கள் வெளியே போயிருக்க, காலில் புண்ணுடன் கடைசி மகள் மட்டும் தாயோடு வீட்டில் இருக்கிறாள். தாய் வீடு முழுவதும் எதையோ துழாவுகிறாள். என்ன தேடுகிறாய் என்று கேட்கும் மகளிடம், உன் புண்பட்ட காலுக்குச் செருப்பு தைக்க ஒரு நல்ல தோல் தேடுகிறேன் என்று சொல்கிறாள். நான் தூங்குவதாக நினைத்து அப்பா ஒருநாள் அப்படி ஒரு தோலை எடுத்துப் பார்த்துவிட்டு, கட்டிலுக்கு மேலே கூரை இறப்பில் திரும்ப வைத்தாரே என்று மகள் சொல்லிவிடுகிறாள். கவனியுங்கள்: அந்தச் சிறுமியும் தேடவில்லை. தகப்பனின் ஒரு செயலைக் கண்டவள் அவள். ஒளித்து வைத்தவன் மறைத்ததோடு நிற்பதில்லை, திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கு வருகிறான் என்பதை இந்தக் கதைவகை நன்றாக அறிந்து வைத்திருக்கிறது.

உங்கள் சிறுமி தேடுகிறாள் என்பது மரபிலிருந்து நீங்கள் செய்திருக்கும் மாற்றம். அதை விட்டுவிடாதீர்கள், கதையில் உங்களுடையது என்று சொல்லத்தக்கது அதுதான். ஆனால் அவள் இடங்களைத் தேடாமல் தகப்பனைக் கவனிக்கட்டும்.

இப்போது குதிருக்கு வருவோம். வட ஆர்க்காட்டுப் பழைய வீடுகளில் இருந்த மண்குதிர், சுட்ட உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இணைப்புகளைக் களிமண்ணால் பூசி, ஆள் உயரத்துக்கு எழுப்பியது. நெல்லைக் கொட்டுவது மேல்வாயில். கொட்டிய பின் மூடி வைத்துச் சாணமும் மண்ணும் சேர்த்து மெழுகிவிடுவார்கள். எடுப்பது அடியில் இருக்கும் சிறு துளை வழியாக. துணியோ வைக்கோலோ அடைத்திருக்கும் அந்தத் துளையைத் திறந்தால் வேண்டிய அளவு நெல் தானாக இறங்கும். இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் கதையைப் படிப்பவர் ஒரு கேள்வி கேட்பார்: பதின்மூன்று ஆண்டுகளாக அதே வீட்டில் நாள்தோறும் அந்தக் குதிரிலிருந்து நெல் எடுத்துக் குத்திச் சமைத்த தாயின் கண்ணில் சிறகாடை ஏன் படவில்லை?

ஆடை அடியில் இருந்தால் முதல் நாளே துளையை அடைத்துக்கொண்டு அகப்பட்டுவிடும். ஆகவே அது நெல்லின் மேல்தான், மெழுகிய மூடிக்குக் கீழே இருக்க வேண்டும். தாய் தொடுவது அடித்துளையை மட்டுமே. மேல்வாயில் ஏணி வைத்து ஏறி நெல் கொட்டுவது ஆண்களின் வேலை. உங்கள் கதையின் தகப்பன் அந்த வேலையை வேறு யாரிடமும் விடாதவராக இருந்தால் போதும், ரகசியம் காப்பாற்றப்படும். ஆனால் முழுவதுமாக அல்ல. அடியில் நெல் இறங்க இறங்க மேல்பரப்பு குழிந்து கீழே வரும். அதன் மேல் கிடக்கும் சிறகாடை மூட்டையும் கூடவே இறங்கும். தையில் தலைக்கு மேலே இருந்தது, ஐப்பசியில் இடுப்பளவுக்கு வந்திருக்கும். குதிர் காலியாகும் நாளில் துளைக்குள் கை விட்டுத் துழாவும் பெண்ணின் விரல்களில் அது படும். ஒளிவிடமே ஆண்டு முழுவதும் தாயை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு உங்களால் அந்த நெற்குதிரைக் கதையின் கடைசிப் பக்கத்தில் மட்டும் வைத்திருக்க முடியாது.

இதற்கு ஏற்ற ஆண்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, ஏரி நிரம்பாமல், தை அறுவடையில் சம்பா நெல் பாதியே வீடு வந்தது என்று வையுங்கள். இந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்கிறது. கார்த்திகையில் ஏரி கடைவாசல் தொடுகிறது. வடக்கிலிருந்து நீர்ப்பறவைகள் வந்து இறங்குகின்றன. புது நெல்லோ தையில்தான் வரும். ஆக, மார்கழியில் குதிர் காலியாகும் நிலையில் இருக்கிறது, ஏரி பறவைகளால் நிறைந்திருக்கிறது. தாயின் இனத்தார் கூப்பிடு தூரத்தில் இருக்கும் அதே வாரங்களில் சிறகாடை அவள் கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்துவிடுகிறது. வலிந்து எந்தத் தற்செயலையும் நீங்கள் நுழைக்க வேண்டியதில்லை. நம் பக்கத்து மழையும் அறுவடையும் இந்த நெருக்கடியைத் தாமே உண்டாக்கித் தருகின்றன. ஏரிப் பாசன ஊரைக் களமாக எடுத்துக்கொண்டதன் முழுப் பயன் இங்கேதான் கிடைக்கிறது.

இடையில் பறவையைப் பற்றி ஒரு சொல். ஐரோப்பியப் படங்களில் காணும் நீண்ட கழுத்து வெள்ளை அன்னம் நம் ஏரிகளுக்கு வருவதில்லை. நீங்கள் எழுதியிருக்கும் கூட்டம் கூட்டமான வெள்ளை அன்னங்களை இந்தப் பக்கத்து வாசகர் நம்பமாட்டார். இமயத்தைக் கடந்து குளிர்காலத்தில் தமிழகத்துக்கு வருவது வரித்தலை வாத்து. சாம்பல் நிற உடலும், வெண்தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகளும் கொண்டது. உங்கள் தாயின் ஆடை சாம்பல் நிறமாக இருப்பதில் தவறேதும் இல்லை. சதபத பிராமணத்தில் ஊர்வசியும் அவள் தோழியரும் நீர்ப்பறவை உருவில் தாமரைக் குளத்தில் நீந்தும்போதுதான் புரூரவன் அவளைத் திரும்பக் காண்கிறான். ஆகவே இது மேல்நாட்டுக் கதை என்று யாராவது சொன்னால் தயங்க வேண்டாம்.

தகப்பன் மார்கழியில் என்ன செய்வார்? குதிரில் இன்னும் சில மரக்கால் நெல் இருக்கும்போதே, வாலாஜாபேட்டை மண்டியில் கடன் சொல்லி இரண்டு மூட்டை நெல் வாங்கி வருவார். இரவில், எல்லோரும் படுத்த பிறகு, ஏணி வைத்து மேல்வாயில் கொட்டுவார். சிறகாடை மூட்டையை மேலே இழுத்துவிட்டு அதன் கீழ் நெல்லை நிரப்ப வேண்டும் என்பதால் அந்த வேலைக்கு நேரம் பிடிக்கும். நெல் இருக்கும்போது கடன் வாங்கி நெல் வாங்குகிற மனிதரை மகள் முதன்முறையாகப் பார்க்கிறாள். உங்கள் நடுப்பகுதியின் நான்கு தேடல்களுக்குப் பதிலாக இந்த ஒரு காட்சி போதும். ஏனென்றால் இதிலிருந்து அவளுக்கு ஒன்று தெரிகிறது: நைனா எதற்கோ பயப்படுகிறார், அந்தப் பயம் குதிருக்குள் இருக்கிறது.

இரண்டாவது குறிப்பு அவள் நினைவில் ஏற்கெனவே இருக்கட்டும். இறகு கெடக்கூடிய பொருள். கம்பளியைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழுவும் சிறு வண்டுகளின் புழுவும் இறகையும் தின்னும். தூவியை அரித்துத் தண்டை மட்டும் விட்டுவிடும். பதின்மூன்று ஆண்டுகள் தொடாமல் வைத்த சிறகாடையில் அநேகமாகக் குச்சிகள்தான் மிஞ்சும். எனவே அந்த மனிதர் ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை வெயிலில் உலர்த்தி, உதறி, நொச்சியும் வேம்பும் வைத்துக் கட்டியிருக்க வேண்டும். குதிரைக் காலி செய்து, உள்ளே துடைத்து, புது நெல் கொட்டும் தை மாதமே அதற்கு உரிய நேரம். அந்த நாளில் மனைவியையும் மகளையும் ஆர்க்காட்டில் இருக்கும் தன் அக்காள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஒவ்வொரு தையிலும் அத்தை வீட்டுக்குப் போவதை மகள் பண்டிகையின் பகுதியாகவே நினைத்திருந்தாள். மார்கழி இரவுக்குப் பிறகுதான் அதன் காரணம் அவளுக்கு விளங்கத் தொடங்குகிறது.

இந்த உலர்த்தலை விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கதையில் தகப்பன் ஒரு திருடன் மட்டுமே. அவர் பேசும் இரண்டு வசனங்களும் அதட்டல்கள். மனைவியைப் போகவிடாமல் செய்யும் பொருளை அழித்துவிட அவருக்குப் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தன. அடுப்பில் போட்டிருந்தால் ஒரு நாழிகையில் முடிந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை, பூச்சி அரிக்காமல் காத்திருக்கிறார். ஒரு பெண்ணின் விடுதலையைப் பறித்தவர், அந்த விடுதலையைக் கெடாமலும் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த இரண்டும் ஒரே மனிதரின் கைகள் என்பதை மகள் கண்ணால் பார்க்க வேண்டும். அதன் பிறகு வாசகர் தகப்பனை மன்னிப்பதும் மன்னிக்காததும் அவரவர் முடிவு. அதற்காக நீங்கள் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

அடுத்தது மகளின் நோக்கம். தாய் அழுகிறாள், ஆகவே மகள் தேடுகிறாள் என்பது மிக நல்ல பிள்ளையின் கதை. பன்னிரண்டு வயதுப் பெண் தாயைப் பறவையாக்கி அனுப்ப எளிதில் ஒப்புக்கொள்வாளா? முடிவு முன்பே தெரிந்துவிடுவதற்குக் காரணம் இதுவே: அவள் தொடக்கத்திலேயே கொடுக்கும் முடிவோடு கிளம்பிவிடுகிறாள். அவளை எதிர்த்திசையில் அனுப்பிப் பாருங்கள். குதிர் காலியாகிறது, அம்மாவின் கையில் பட்டுவிடும், நைனாவால் இனி காக்க முடியாது என்று புரிந்துகொண்ட மகள், அம்மா போய்விடக் கூடாது என்பதற்காகவே சிறகாடையை எடுத்து வேறிடத்தில் மறைக்கிறாள். தேடுபவளாகத் தொடங்கியவள் ஒளித்து வைப்பவளாக ஆகிறாள். உங்கள் பரணுக்கும் கிணற்றுக்கும் இங்கே வேலை இருக்கிறது. ஆனால் இம்முறை அவை அவள் மறைக்கப் பார்க்கும் இடங்கள். பரணில் எலி, வைக்கோல் போரில் மழை ஈரம், கிணற்றடிக் கொட்டகையில் வைத்தால் மார்கழிப் பனியில் பூஞ்சை பிடிக்கிறது. ஒவ்வோர் இடமும் ஒன்றைக் கற்றுக்கொடுக்கிறது, ஒவ்வொரு முறையும் சிறகாடை கொஞ்சம் கெடுகிறது. நைனா ஆண்டுதோறும் செய்த வேலை எவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரிகிறது. தான் வைத்திருக்கும்வரை அது அழியும் என்பதும் தெரிகிறது. குதிரைத் திறந்து பார்த்து ஆடை இல்லாததைக் கண்ட தகப்பன், மனைவி எடுத்துவிட்டாள் என்று நினைத்து அவளிடம் வாய் திறக்காமல் இருக்கட்டும். அந்த வீட்டில் மூவரும் ஒரே பொருளைப் பற்றி நினைத்துக்கொண்டு, சோற்றைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

தாயிடம் மகள் எப்படி வெளிப்படுத்துவாள் என்பதற்கு உங்கள் பிரதியில் ஒன்றரைப் பக்க உரையாடல் இருக்கிறது. அதை முழுவதும் நீக்கலாம். இறகின் அமைப்பே உங்களுக்கு உதவும். இறகின் இழைகள் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று கோத்திருப்பவை. இழுத்தால் பிரிந்து இடைவெளி விழும், அடியிலிருந்து நுனி நோக்கி விரலால் நீவினால் மறுபடி சேர்ந்துகொள்ளும். பறவைகள் அலகால் கோதுவது இதற்காகவும்தான். இதை வைத்து அந்த இடம் எப்படி அமையலாம் என்று ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன். அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அளவுக்கு மட்டும் பாருங்கள்.

“இன்னாத்த மறைக்கிற கையில?” என்றாள் அம்மா.

“ஏரிக்கரையில கிடந்துச்சு.”

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு இறகை வாங்கினாள். நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. அடியிலிருந்து நுனிவரை ஒரே நீவலில் அதைச் சேர்த்தாள். அதை அவள் பார்க்கக்கூட இல்லை. பிறகு மகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, “ஈரத்துல வெக்காத” என்று சொல்லி, முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன். மகள் பொய் சொல்கிறாள் என்பது தாய்க்குத் தெரிந்துவிட்டது. தாய்க்குத் தெரியும் என்பது மகளுக்குத் தெரிந்துவிட்டது. கேட்டு வாங்கமாட்டாள் என்பதும் புரிந்துவிட்டது. இனிக் கொடுப்பதா வேண்டாமா என்பது மகளின் முடிவாகிறது. அவள் எந்த முடிவை எடுத்தாலும் வாசகர் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

அவள் கொடுத்துவிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. சிறகாடை கெட்டுக்கொண்டிருக்கிறது, பங்குனிக்குள் பறவைகள் வடக்கே திரும்பிவிடும், அடுத்த ஆண்டுக்கு அது தாங்காது. ஆனால் பறத்தலில் கதையை முடிக்க வேண்டாம். ஜாவாக் கதையில்கூட, வானுலகம் சென்ற தாய் தன் கைக்குழந்தை நவாங்சிக்குப் பாலூட்ட இறங்கி வருகிறாள் என்று சொல்பவர்கள் உண்டு. கேட்பவர்களின் மனம் தாயின் புறப்பாட்டோடு நின்றுவிட ஒப்பவில்லை. உங்கள் தாய் வலசைப் பறவை, ஏரி நிரம்பினால் அடுத்த கார்த்திகையில் அந்த இனம் வரும். அவள் வருவாளா என்பதைச் சொல்லாமல், அவள் போன பிறகு வரும் தையில் குதிரைத் துடைக்கும் வேலையைத் தகப்பனும் மகளும் சேர்ந்து செய்வதை எழுதிப் பாருங்கள். இம்முறை யாரையும் அத்தை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை. அவர்கள் இருவரும் என்ன பேசிக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியாது, அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் மன்னிப்பு என்ற சொல் அங்கே வந்தால் உடனே அடித்துவிடுங்கள்.

கடைசியாக, இப்போது உங்கள் கதையின் முதல் மூன்று பக்கங்கள் அன்னப் பெண்கள் நீராடுவதையும் ஆடை திருடப்படுவதையும் சொல்கின்றன. தமிழ் வாசகருக்கு அந்தக் கதை தெரியும். ஏரிக்கரையில் கன்னிமார் கற்கள் ஏழு நடப்பட்டிருக்கும் ஊரில் அது யாருக்கும் புதிதல்ல. அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டு, தகப்பன் நெல் மூட்டையோடு வீட்டுக்குள் வரும் மாலையில் தொடங்குங்கள். திருட்டைப் பற்றிய செய்தியை, குதிரில் ஆடை இல்லாததைக் கண்ட இரவில் அவரே இரண்டு மூன்று வாக்கியங்களில் மகளிடம் சொல்லட்டும். திருத்திய பிரதி பத்துப் பக்கத்துக்குள் அடங்கும். அதை அனுப்பினால் படித்துவிட்டு எழுதுகிறேன்.